டெஸ்க்டாப் சப்போர்ட்டிலிருந்து சாக் வேலைக்கு: 4625 காட்டிய வழி

சென்னை அம்பத்தூர் பக்கம் ஒரு கம்பெனியில் நான்கு வருடம் டெஸ்க்டாப் சப்போர்ட்டில் இருந்தேன். பிரிண்டர், அவுட்லுக், டோனர், புது ஆளுக்கு லேப்டாப், இவைதான் வேலை. திங்கட்கிழமை காலை ஒன்பதரைக்கு அக்கவுண்ட்ஸ் செக்‌ஷனிலிருந்து போன் வரும். "தம்பி, என் அக்கவுண்ட் மறுபடியும் லாக் ஆயிடுச்சு, கொஞ்சம் எடுத்து விடுப்பா." எடுத்து விடுவேன். கால் மணி நேரத்தில் திரும்பவும் போன் வரும்.

ஒரு முறை இது ஒரே நாளில் ஐந்து தடவை நடந்தது. எங்கள் சர்வர் அட்மின் அண்ணன் என்னைப் பக்கத்தில் உட்கார வைத்து, ஆபீஸ் அக்கவுண்ட்களை நிர்வகிக்கும் டொமைன் கன்ட்ரோலர் சர்வரில், நடந்ததை எண்ணோடு காட்டும் ஈவென்ட் வியூவரைத் திறந்தார். 4740 என்ற எண்ணைத் தேடினார். அக்கவுண்ட் லாக் ஆகும்போது பதிவாகும் எண் அது. அதில் Caller Computer Name என்ற வரியில் குடோனில் இருக்கும் கம்ப்யூட்டரின் பெயர் இருந்தது. மாதக் கடைசியில் ஸ்டாக் பார்க்கப் போன அந்த மேடம் அங்கே லாகின் செய்துவிட்டு, லாக்-ஆஃப் செய்யாமல் ஸ்கிரீனை மட்டும் பூட்டிவிட்டு வந்திருக்கிறார். அதன் பிறகு பாஸ்வேர்டை மாற்றிவிட்டார். குடோன் கம்ப்யூட்டரோ பழைய பாஸ்வேர்டை வைத்துக்கொண்டு ஷேர்டு டிரைவைத் தட்டிக்கொண்டே இருந்தது.

அன்றைக்கு அது எனக்கு இன்னொரு டிக்கெட்தான். ஒன்றரை வருடம் கழித்து, சாக் என்ற செக்யூரிட்டி கண்காணிப்பு வேலைக்கான இன்டர்வியூவில் என்னைக் காப்பாற்றியது அந்த டிக்கெட்தான். அதனால்தான் அதிலிருந்து ஆரம்பித்தேன்.

செக்யூரிட்டிக்குப் போக வேண்டும் என்று முடிவு செய்தபோது எல்லோரையும் போல நானும் முதலில் "எந்த சர்டிஃபிகேட்?" என்றுதான் கேட்டேன். நான் எடுத்தது காம்ப்டியாவின் செக்யூரிட்டி பிளஸ். அப்போது பழைய SY0-601 தேர்வும் இருந்தது, 2023 நவம்பரில் வந்த SY0-701-ம் இருந்தது. பழையது 2024 ஜூலையோடு முடிகிறது என்பதால் புதியதையே எடுத்தேன். அதிகபட்சம் 90 கேள்விகள், 90 நிமிடம், தேர்ச்சிக்கு 900-க்கு 750. சான்றிதழ் மூன்று வருடத்துக்குச் செல்லும். வேலைக்குப் போய்க்கொண்டே, காலையில் ஒன்றரை மணி நேரமும் ஞாயிறு முழு நாளும் என்று நான்கு மாதம் படித்தேன்.

பெரும்பாலான கேள்விகள் நான்கில் ஒன்றைத் தேர்ந்தெடுப்பவை. சில கேள்விகள் மட்டும் செய்துகாட்டச் சொல்பவை: ஃபயர்வால் விதிகளை நிரப்பு, இந்த லாகை, அதாவது கம்ப்யூட்டரில் நடந்தவற்றின் பதிவைப் பார்த்து எந்த மெஷின் பாதிக்கப்பட்டது என்று சொல், இப்படி. இவை பெரும்பாலும் தேர்வின் தொடக்கத்திலேயே வந்து நிற்கும். முதல் கேள்வியிலேயே பன்னிரண்டு நிமிடம் போனதைக் கவனித்து, அதைக் கொடி போட்டுவிட்டு நகர்ந்தேன். கடைசியில் மீதமிருந்த இருபது நிமிடத்தில் திரும்பி வந்து முடித்தேன். அப்படி நகராமல் இருந்திருந்தால் தோற்றிருப்பேன்.

அந்தப் படிப்பு எனக்குச் சொற்களைக் கொடுத்தது. ஒரே பாஸ்வேர்டை நூறு பேரிடம் முயல்வதற்கும், ஒருவரிடம் நூறு பாஸ்வேர்டை முயல்வதற்கும் தனித்தனிப் பெயர் உண்டு என்பதை அங்கேதான் கற்றேன். முதலாவது பாஸ்வேர்ட் ஸ்ப்ரே, இரண்டாவது ப்ரூட் ஃபோர்ஸ். ஆனால் இரண்டும் லாகில் எப்படித் தெரியும் என்று தேர்வு கேட்கவில்லை, நானும் அப்போது தேடிப் பார்க்கவில்லை. சர்டிஃபிகேட் வந்த கையோடு நாற்பது இடங்களுக்கு ரெஸ்யூமே அனுப்பினேன். ஒரே ஒரு இடத்திலிருந்து கூப்பிட்டார்கள். "லாக் பார்த்த அனுபவம் உண்டா?" என்று கேட்டார்கள். "படித்திருக்கிறேன்" என்றேன். பேச்சு அதோடு முடிந்தது.

சரி, லாக் பார்க்க வேண்டுமென்றால் லாக் வேண்டும். அதை வீட்டிலேயே உண்டாக்க முடிவு செய்தேன்.

என் லேப்டாப்பில் 8 ஜிபி ராம் இருந்தது, அதை 16 ஆக்கினேன். இந்த மொத்தப் பயணத்தில் தேர்வுக் கட்டணத்துக்கு அடுத்து நான் செய்த ஒரே செலவு அதுதான். விர்ச்சுவல்பாக்ஸில் இரண்டு மெஷின்கள் போட்டேன். ஒன்று தாக்குதல் பயிற்சிக்கான காளி லினக்ஸ், அதற்கு 2 ஜிபி. இன்னொன்று மைக்ரோசாஃப்ட் 90 நாளுக்கு இலவசமாகத் தரும் விண்டோஸ் 11 என்டர்பிரைஸ், அதற்கு 4 ஜிபி. இரண்டையும் ஹோஸ்ட்-ஒன்லி நெட்வொர்க்கில் வைத்தேன், அதாவது அவை தங்களுக்குள்ளும் என் லேப்டாப்போடும் மட்டும் பேசும், வெளியே போகாது. லாக் சேர்க்க லேப்டாப்பிலேயே ஸ்ப்ளங்க் நிறுவினேன். முதல் 60 நாள் முழு வசதியோடு ஓடும், பிறகு இலவசப் பதிப்புக்கு மாறிக்கொள்ளலாம். இலவசத்தில் ஒரு நாளைக்கு 500 எம்பி வரைதான், தானாக அலர்ட் எழுப்பும் வசதியும் கிடையாது. ஒரே ஒரு விண்டோஸ் மெஷினுக்கு அந்த அளவு தாராளம். விண்டோஸில் ஸ்ப்ளங்கின் ஃபார்வர்டரைப் போட்டு, 9997 போர்ட்டுக்கு லாகை அனுப்பச் சொன்னேன்.

இதற்கு நடுவில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். என்னோடு வேலை பார்த்த ஒருவர், கற்றுக்கொள்ளும் ஆர்வத்தில் ஆபீஸ் நெட்வொர்க்கையே ஸ்கேன் செய்து பார்த்தார். கெட்ட எண்ணம் எதுவும் இல்லை. ஆனாலும் எச்ஆர் வரை போய் விளக்கம் எழுதிக் கொடுக்க வேண்டியதாயிற்று. அனுமதி இல்லாமல் அடுத்தவர் கம்ப்யூட்டருக்குள் நுழைவது தகவல் தொழில்நுட்பச் சட்டம் 2000-ன் 43, 66 பிரிவுகளில் வருகிறது. கெட்ட எண்ணத்தோடு செய்தால் மூன்று வருடம் வரை சிறைத்தண்டனைக்கு இடமுண்டு. பயிற்சி எல்லாம் அந்த ஹோஸ்ட்-ஒன்லி வேலிக்குள் மட்டும்தான் என்பதில் நான் கடைசி வரை கறாராக இருந்தேன்.

முதல் நாள் லேபில் எதுவுமே வேலை செய்யவில்லை. காளியிலிருந்து, ஃபைல் ஷேரிங்குக்கான விண்டோஸின் 445 போர்ட்டைப் பார்த்தால் filtered என்று வந்தது. இரண்டு இரவு அதில் போனது. காரணம் சின்னதுதான்: ஹோஸ்ட்-ஒன்லி நெட்வொர்க்கில் கேட்வே இல்லாததால் விண்டோஸ் அதை அடையாளம் தெரியாத நெட்வொர்க் என்று எடுத்துக்கொண்டு, பப்ளிக் வகையில் போட்டுவிடும். அந்த வகையில் ஃபைல் ஷேரிங் அடைத்தே இருக்கும். ஃபயர்வாலில் File and Printer Sharing விதிகளைத் திறந்ததும் சரியானது. டெஸ்க்டாப் சப்போர்ட்டில் நூறு முறை பார்த்த பிரச்சினைதான், லேப் என்றதும் வேறு ஏதோ பெரிய விஷயம் என்று நினைத்துத் தேடிக்கொண்டிருந்தேன்.

அப்புறம் விண்டோஸில் பன்னிரண்டு யூசர்களை உருவாக்கினேன். காளியில் பதினைந்து பெயர் கொண்ட ஒரு பட்டியல் எழுதினேன். பன்னிரண்டு உண்மை, மூன்று இல்லாத பெயர்கள். நெட்எக்ஸெக் என்ற டூலால் ஒரே ஒரு பாஸ்வேர்டை எல்லோரிடமும் முயன்றேன்:

```
nxc smb 192.168.56.20 -u users.txt -p 'Welcome@123' --local-auth --continue-on-success
```

தாக்குபவர் பக்கத்துத் திரையில் தோற்ற வரி எல்லாவற்றிலும் ஒரே பதில்: STATUS_LOGON_FAILURE. பெயரே இல்லாத யூசருக்கும் அதுதான், பாஸ்வேர்ட் தவறிய யூசருக்கும் அதுதான். இப்போது விண்டோஸ் பக்கம் போய் 4625-ஐத் திறந்தேன். லாகின் தோற்றால் பதிவாகும் எண் அது. அங்கே Sub Status என்ற வரியைப் பார்த்தேன். உண்மையான யூசருக்கு 0xC000006A, அதாவது பெயர் சரி, பாஸ்வேர்ட் தவறு. இல்லாத பெயருக்கு 0xC0000064, அதாவது அப்படி ஒரு ஆளே இல்லை. தாக்குபவருக்குத் தெரியாத ஒன்று காப்பவருக்குத் தெரிகிறது. எனக்கு இந்த வேலை பிடித்துப்போனது அந்த ராத்திரியில்தான். இரண்டு ஜன்னலையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டிருந்தேன்.

அந்த இரண்டு குறியீடுகளின் விகிதம் நிறையச் சொல்லும். ஐம்பது தோல்வியில் நாற்பது 0xC0000064 என்றால், admin, test, scanner என்று யாரோ குருட்டாம்போக்கில் பெயரை ஊகிக்கிறார்கள். அநேகமாக எல்லாமே 0xC000006A என்றால், முயல்பவரிடம் உண்மையான ஊழியர் பட்டியல் இருக்கிறது. இரண்டாவது அதிகம் கவலைப்பட வேண்டியது.

அடுத்து ப்ரூட் ஃபோர்ஸ். ஒரே யூசருக்கு முப்பது பாஸ்வேர்ட் கொண்ட பட்டியலை ஓட்டினேன். சரியான பாஸ்வேர்டை இருபதாவதாக வைத்திருந்தேன். அது கிடைக்கவே இல்லை. விண்டோஸ் 11, 22H2-லிருந்து, புதிதாக நிறுவினால் பத்துத் தவறான முயற்சிக்குப் பிறகு அக்கவுண்டைப் பத்து நிமிடம் பூட்டிவிடும். பதினொன்றாவதிலிருந்து 4625-ன் Status வரி 0xC0000234 என்று மாறியிருந்தது. கூடவே ஒரு 4740. குடோன் கம்ப்யூட்டர் விவகாரத்தில் அண்ணன் காட்டிய அதே எண். அங்கே மறதி, இங்கே தாக்குதல், லாகில் இரண்டும் ஒரே முகத்தோடு நிற்கின்றன. இரண்டையும் பிரித்துச் சொல்வதுதான் வேலை என்று அப்போது புரிந்தது.

பிரிப்பது எப்படி? மூன்று வரிகள் போதும். எத்தனை யூசர், எந்த முகவரியிலிருந்து, எந்த இடைவெளியில். பழைய பாஸ்வேர்டைப் பிடித்துக்கொண்டிருக்கும் மெஷின் என்றால் யூசர் ஒருவர், முகவரி ஒன்று, இடைவெளி பெரும்பாலும் சீராக இருக்கும், பாஸ்வேர்ட் மாற்றிய நாளிலிருந்து ஆரம்பித்திருக்கும். ஸ்ப்ரே என்றால் முகவரி ஒன்று, யூசர் பலர், ஆளுக்கு ஒன்று இரண்டு முயற்சிதான். லாக்-அவுட்டைத் தொடாமல் இருக்கவே அப்படிச் செய்வார்கள். அதனால்தான் ஒரே யூசரின் தோல்விகளை மட்டும் எண்ணும் விதி ஸ்ப்ரேயைப் பிடிக்காது. முகவரிவாரியாக எத்தனை வெவ்வேறு யூசர் என்று எண்ண வேண்டும்.

ஸ்ப்ளங்கில் இதை எழுதும்போது ஒரு வாரம் எண்ணிக்கை தப்பாகவே வந்தது. பதினைந்து பேருக்குப் பதிலாகப் பதினாறு. 4625-ல் Account Name என்ற வரி இரண்டு இடத்தில் வரும். முதலாவது வேண்டுகோளை எழுப்பிய சிஸ்டம் பக்கத்துப் பெயர், நெட்வொர்க் லாகினில் அது வெறும் கோடாக இருக்கும். இரண்டாவதுதான் தோற்ற யூசர். அந்தக் கோட்டையும் ஒரு ஆளாக எண்ணிக்கொண்டிருந்தேன். இரண்டாவதை மட்டும் எடுத்ததும் சரியானது:

```
index=main EventCode=4625
| eval user=mvindex(Account_Name,1)
| stats count dc(user) AS users by Source_Network_Address
```

இந்த மூன்று வரிக்குப் பின்னால் ஒரு வாரம் இருக்கிறது. யாராவது எழுதியதை எடுத்து ஒட்டியிருந்தால் ஐந்து நிமிடத்தில் முடிந்திருக்கும். ஆனால் இன்டர்வியூவில் "இது ஏன் mvindex?" என்று கேட்டபோது பதில் சொல்ல முடிந்திருக்காது.

இதோடு ட்ரைஹேக்மீ, லெட்ஸ்டிஃபெண்ட் மாதிரி ஆன்லைன் லேப்களும் செய்தேன். ஃபிஷிங் மெயிலைப் பிரித்துப் பார்க்க, பவர்ஷெல் கட்டளைகளைப் படிக்க, அவை நன்றாகவே உதவின. ஆனால் அவற்றில் எனக்கு ஒரு குறை உண்டு. அங்கே ஒரு கோப்பைத் திறந்தால் பெரும்பாலும் உள்ளே ஒரு திருடன் நிச்சயம். அவனைக் கண்டுபிடித்தால் மதிப்பெண். மூன்று மாதம் அப்படியே பழகினால், ஒவ்வொரு அலர்ட்டிலும் திருடனைத் தேடும் கண் வந்துவிடுகிறது. உண்மையான வேலையில் பத்தில் எட்டு ஒன்பது அலர்ட் குடோன் கம்ப்யூட்டர் மாதிரித்தான். "இது தாக்குதல் இல்லை, காரணம் இது" என்று ஆதாரத்தோடு எழுதி மூடத் தெரிய வேண்டும். அந்தப் பயிற்சியை எனக்குக் கொடுத்தது என் பழைய வேலைதான்.

அதனால் லேபில் ஒன்று கூடுதலாகச் செய்தேன். தாக்குதலோடு சேர்த்து வழக்கமான தவறுகளையும் வேண்டுமென்றே உண்டாக்கினேன். ஷெட்யூல்டு டாஸ்க் ஒன்றுக்கு யூசர் பாஸ்வேர்டைக் கொடுத்து, பிறகு பாஸ்வேர்டை மாற்றினேன். 4625-ல் Logon Type 4 என்று வந்தது. ஒரு சர்வீஸுக்கு அதையே செய்தேன், 5 வந்தது. கீபோர்டில் நானே தப்பாக அடித்தேன், 2 வந்தது. காளியிலிருந்து செய்தவை 3. நான்கு வகையையும் ஒரு நோட்டில் எழுதிவைத்தேன்.

ரெஸ்யூமேயையும் மாற்றினேன். முன்பு அதில் இருபது டூல்களின் பெயர் வரிசையாக இருந்தது, பாதியை ஒரு முறைதான் திறந்திருந்தேன். அவற்றை எடுத்துவிட்டேன். பதிலாக லேபில் செய்த இரண்டு விசாரணைகளை நான்கு பக்கத்தில் எழுதி இணைத்தேன். ஒன்று ஸ்ப்ரே, இன்னொன்று தாக்குதலாகத் தெரிந்து ஷெட்யூல்டு டாஸ்க்காக முடிந்தது. பழைய வேலையைப் பற்றி "டெஸ்க்டாப் சப்போர்ட் அளித்தேன்" என்றிருந்த வரியை, "அக்கவுண்ட் லாக்-அவுட் புகார்களில் 4740 பதிவுகளைக் கொண்டு மூல மெஷினைக் கண்டுபிடித்தேன்" என்று மாற்றினேன். பொய் ஒன்றும் இல்லை, செய்த வேலையை அந்தத் துறையின் சொல்லில் எழுதினேன். அதற்குப் பிறகு அனுப்பிய பதினெட்டில் நான்கு இடங்களிலிருந்து கூப்பிட்டார்கள்.

பெருங்குடியில் நடந்த இன்டர்வியூவில் என் எதிரே இருந்தவர் அந்த நான்கு பக்கத்தையும் பிரிண்ட் எடுத்து வைத்திருந்தார். ஆர்டிபி, அதாவது ரிமோட் டெஸ்க்டாப் வழியாக வரும் லாகினுக்கு Logon Type 10. அதைப் பற்றி நேராகக் கேட்டார்.

"ஆர்டிபி வழியா யாரோ முயற்சி பண்றாங்கன்னு சந்தேகம். நீங்க 4625-ல Logon Type 10 தேடுறீங்க. ஒண்ணுமே வரல. தாக்குதல் இல்லைன்னு எழுதிடுவீங்களா?"

"இல்ல சார். என்எல்ஏ ஆன்ல இருந்தா, டெஸ்க்டாப் திறக்குறதுக்கு முன்னாடியே நெட்வொர்க் மட்டத்துல பாஸ்வேர்டைச் சரிபார்க்கும். அதுல தோத்தா டைப் 3-ன்னுதான் பதிவாகும். அதனால 3-ஐயும் பார்த்து, 3389 போர்ட்டுக்கு அந்த நேரத்துல யார் வந்தாங்கன்னு ஃபயர்வால் லாகோட ஒப்பிடுவேன்."

"லேப்ல பார்த்தீங்களா, படிச்சீங்களா?"

"லேப்ல பார்த்தேன் சார். முதல்ல 10-ஐத் தேடி ஏமாந்துட்டு அப்புறம்தான் கண்டுபிடிச்சேன்."

பிறகு குடோன் கம்ப்யூட்டர் கதையைக் கேட்டார். அதைத்தான் அதிக நேரம் பேசினோம். பத்து நாளில் ஆஃபர் வந்தது. சாக், அதாவது பல கம்பெனிகளின் லாகை இருபத்து நான்கு மணி நேரமும் கண்காணிக்கும் செக்யூரிட்டி ஆபரேஷன்ஸ் சென்டரில், எல்1, அதாவது முதல் நிலை அனலிஸ்ட் வேலை. சம்பளம் பழைய வேலையைவிடக் கொஞ்சம் குறைவு, நைட் அலவன்ஸ் சேர்ந்தால் ஏறக்குறைய சமம். வீட்டில் இதை விளக்குவது கஷ்டமாகத்தான் இருந்தது. ஷிஃப்ட் வாரத்துக்கு ஒருமுறை மாறும். காலை ஆறு, மதியம் இரண்டு, இரவு பத்து. தூக்கம் சரியாக அமைய எனக்கு இரண்டு மாதம் ஆனது. வருபவர்கள் இதைக் கணக்கில் வைத்துக்கொண்டே வர வேண்டும்.

சேர்ந்த இரண்டாவது மாதம், 2024 ஆகஸ்ட், நைட் ஷிஃப்ட். ஒரு வாடிக்கையாளரின் ஃபைல் சர்வரில் அதிகத் தோல்வி என்று அலர்ட் வந்தது. 02:31-லிருந்து 02:41 வரை, விபிஎன் வரம்பில் உள்ள ஒரே முகவரியிலிருந்து 38 வெவ்வேறு யூசர்கள், ஆளுக்கு ஒரு முயற்சி. 31 பேருக்கு 0xC000006A. 7 பேருக்கு 0xC0000064. அந்த ஏழு பெயரும் வேலையை விட்டுப் போனவர்கள் என்று பிறகு தெரிந்தது. லேபில் பார்த்த அதே படம். கை லேசாக நடுங்கியது, ஆனால் என்ன கேட்க வேண்டும் என்று தெரிந்திருந்தது: இந்தத் தோல்விகளுக்குப் பிறகு ஒரு வெற்றி உண்டா? 4624 உண்டா?

எங்கள் திரையில் 4624 இல்லை. இல்லை என்றால் நடக்கவில்லை என்று அர்த்தமில்லை. அந்தச் சர்வரிலிருந்து 4624 எக்கச்சக்கமாக வரும், லாக் அளவு கூடினால் செலவும் கூடும் என்று அதை அனுப்பாமல் வடிகட்டியிருந்தார்கள். அதனால் வாடிக்கையாளரின் நைட் அட்மினிடம் சொல்லி, சர்வரிலிருந்தே எடுத்து அனுப்பச் சொன்னேன். எக்ஸ்எம்எல் கோப்பாக அனுப்பினார். அந்த விபிஎன் முகவரியிலிருந்து ஒரே ஒரு வெற்றி இருந்தது, நேரம் இப்படி:

```
<TimeCreated SystemTime='2024-08-13T21:13:07.4512236Z'/>
```

முந்தைய இரவு ஒன்பதேகால் மணி என்று படித்தேன். யாரோ வீட்டிலிருந்து லேட்டாக வேலை பார்த்திருக்கிறார், தோல்விகள் அதற்கு ஐந்து மணி நேரம் கழித்துத்தான், அப்போது அந்த விபிஎன் முகவரி வேறொருவரிடம் போயிருக்கும். இப்படி ஒரு கோர்வையான கதை மனதில் வந்துவிட்டது. "முயற்சி நடந்தது, வெற்றி இல்லை, முகவரியைத் தடுக்கப் பரிந்துரை" என்று டிக்கெட்டில் எழுதி, ஷிஃப்ட் லீடிடம் ஒரு முறை காட்டினேன்.

அவர் நேர வரியின் கடைசி எழுத்தில் விரலை வைத்தார். "இந்த Z என்ன?"

அது யுடிசி என்ற உலகப் பொது நேரம். ஈவென்ட் வியூவரின் சாதாரணப் பக்கத்தில் விண்டோஸ் நம் உள்ளூர் நேரத்தைக் காட்டும், எக்ஸ்எம்எல்லில் யுடிசியையே வைத்திருக்கும். 21:13-ஓடு ஐந்தரை மணி நேரத்தைக் கூட்டினால் 02:43. கடைசித் தோல்விக்கு இரண்டு நிமிடம் கழித்து. முப்பத்தொன்பதாவது ஆளின் பாஸ்வேர்ட் பொருந்தியிருக்கிறது.

லீட் என்னைத் திட்டவில்லை. "மூடுறதுக்கு முன்னாடி காட்டுனீங்க, அது போதும். இப்ப போன் போடுங்க" என்றார். அந்த அக்கவுண்டை முடக்கச் சொன்னோம், விபிஎன் இணைப்பைத் துண்டிக்கச் சொன்னோம், விஷயம் எல்2-க்குப் போனது. அந்த யூசரின் பெயரில் அந்தச் சர்வரில் திறந்த ஃபோல்டர்களை அவர்கள் ஒவ்வொன்றாகப் பார்த்தார்கள். இப்படிப்பட்ட சம்பவத்தை, தெரியவந்த ஆறு மணி நேரத்துக்குள் தெரிவிக்க வேண்டும் என்று இந்திய அரசின் சைபர் பாதுகாப்பு அமைப்பான செர்ட்-இன் 2022 ஏப்ரலில் உத்தரவு போட்டிருக்கிறது. அந்த ஆறு மணி நேரத்தில் முதல் நாற்பது நிமிடத்தை ஒரு எழுத்தைக் கவனிக்காமல் நான் செலவழித்திருந்தேன்.

என் லேபில் இது ஏன் தெரியவில்லை என்று பிறகு யோசித்தேன். அங்கே எல்லா லாகும் ஒரே மெஷினிலிருந்து ஒரே வழியாக ஸ்ப்ளங்குக்கு வந்தன, ஸ்ப்ளங்க் எல்லாவற்றையும் இந்திய நேரத்தில் காட்டியது. இரண்டு வெவ்வேறு இடத்து லாகை நான் கையால் ஒப்பிட்டதே இல்லை. அடுத்த ஞாயிற்றுக்கிழமை லேபைத் திறந்து ஒரு லினக்ஸ் மெஷினைச் சேர்த்தேன், அதன் நேரத்தை யுடிசியில் வைத்தேன். மூன்று இடத்திலிருந்தும் லாகை எடுத்து, ஸ்ப்ளங்க் இல்லாமல் காகிதத்தில் நேர வரிசை எழுதிப் பழகினேன். இப்போது லேப் போடத் தொடங்குகிறவர்களிடம் இரண்டாவது வாரமே இதைச் செய்யுங்கள் என்று சொல்கிறேன்.

அந்த நைட் ஷிஃப்ட் முடியும்போது மணி ஆறு. காலை ஷிஃப்டுக்கு வந்தவருக்கு ஹேண்டோவர் எழுதினேன். தோல்விகள் 02:31 முதல் 02:41 IST, வெற்றி 02:43 IST, அக்கவுண்ட் முடக்கம் 03:26 IST. அவர் படித்துவிட்டு, "எல்லா வரியிலயும் IST போட்டிருக்கீங்களே" என்றார். "ஆமா" என்றேன், எக்ஸ்எம்எல் கோப்பைத் திறந்து அந்த Z-ஐ அவருக்கும் காட்டினேன்.